சேமிப்புக் கணக்கு ஸ்டேட்மெண்டை வரி வரியாகப் படிப்பது: பிறை அக்காவின் மார்ச் மாதக் கணக்கு

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் ஒரு சரக்குக் கம்பெனியில் பல வருடம் கணக்கு எழுதியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலை விட்டபாடில்லை. எங்கள் பிறை அடுக்குமாடியில் யாருக்காவது பேங்கிலிருந்து காகிதம் வந்தால் மின்தூக்கிக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். போன ஏப்ரல் தொடக்கத்தில் கீழ் வீட்டு அக்கா கைப்பேசியை நீட்டினார். "தம்பி, சம்பளம் வந்து பதினஞ்சு நாள்கூட ஆகல, காசு எங்க போவுதுன்னே தெரியல. யாரோ எடுக்கிறாங்கபோல."

யாரோ எடுத்தார்களா என்று பார்க்க உட்கார்ந்தோம். ஒரு மாதம், பன்னிரண்டு வரி, ஒரு மணி நேரம். அதையே படிப்படியாக இங்கே எழுதுகிறேன். எண்கள் அக்காவின் கணக்கில் இருந்தவை. கடைப் பெயரும் கம்பெனிப் பெயரும் வேண்டாம்.

எதைத் திறப்பது

அக்கா காட்டியது செயலியில் வரும் பட்டியல். அதை மூடச் சொன்னேன். அதில் புதியது மேலே, பழையது கீழே. பாதி வரிகள் இன்னும் முடிவாகாதவை. ஒவ்வொரு வரிக்கும் பிறகு கணக்கில் எவ்வளவு மிஞ்சியது என்பதையும் பல செயலிகள் காட்டுவதில்லை. நமக்கு வேண்டியது மாதம் முடிந்ததும் பேங்க் தயாரிக்கும் பிடிஎஃப் ஸ்டேட்மெண்ட். பெரும்பாலும் அதற்குக் கடவுச்சொல் உண்டு. அதை எப்படி அமைத்திருக்கிறார்கள் என்பது கூடவே வரும் மின்னஞ்சலில் இருக்கும்.

அச்செடுத்துக்கொண்டால் நல்லது. பென்சிலால் கோடு போடாமல் எனக்குக் கணக்கு ஓடாது. பக்க எண்ணையும் பாருங்கள். மூன்று பக்கத்தில் இரண்டுதான் கையில் இருக்கிறது என்றால் மேலே படித்துப் பயனில்லை.

இன்னும் பாஸ்புத்தகம் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. பல மாதம் பதியாமல் விட்டுப் பிறகு இயந்திரத்தில் நுழைத்தால், சில பேங்குகளில் இடைப்பட்ட வரிகளை எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக அச்சடித்துவிடும். அந்த வரியை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. கிளையில் கேட்டு விவர ஸ்டேட்மெண்ட் வாங்குங்கள்.

வலப்பக்கம் இருந்து தொடங்குங்கள்

எல்லாரும் விவர வரியைத்தான் முதலில் படிப்பார்கள். அங்கே பாதி சுருக்கெழுத்து, பாதி எண். இரண்டு நிமிடத்தில் கண் கட்டிவிடும். நான் வலது ஓரத்தில் இருக்கும் இருப்புத் தொகையில் தொடங்குவேன்.

அக்காவின் ஸ்டேட்மெண்டில் தொடக்க இருப்பு 1,284.60 வெள்ளி, முடிவு இருப்பு 2,299.00. மாதம் முழுவதும் வந்த பணம் 2,345.30, போன பணம் 1,330.90. தொடக்கத்தோடு வந்ததைக் கூட்டிப் போனதைக் கழித்தால் முடிவு வர வேண்டும். கைப்பேசிக் கால்குலேட்டரில் போட்டோம், சரியாக 2,299.00 வந்தது.

பேங்க் கணினி கூட்டலில் தவறு செய்யாதே, இதை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். உண்மைதான். கூட்டல் இடித்தால் காரணம் பெரும்பாலும் வேறு. ஒரு பக்கம் விடுபட்டிருக்கும், அல்லது மைனஸ் குறியை நீங்கள் தவறாகப் படித்திருப்பீர்கள். சில பேங்குகள் மைனஸை எண்ணுக்குப் பின்னால் போடும், `200.00-` என்று. அதைக் கறை என்று நினைத்துப் போனதை வந்ததாகக் கூட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு யாரோ அனுப்பிய ஸ்டேட்மெண்டில் கூட்டல் இடித்தால் மட்டும் யாராவது எண்ணை மாற்றியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்து, இருப்பு சட்டென்று ஏறும் அல்லது இறங்கும் இடங்களில் மட்டும் பென்சிலால் வட்டம் போட்டோம். அக்காவே ஏடிஎம்மில் எடுத்த 300ஐ விட்டால் மூன்று வட்டம் வந்தது. ஒன்று, 7ஆம் தேதி ஏறிய 2,145.30. அது சம்பளம். இரண்டாவது, 15ஆம் தேதி இறங்கிய 600. மகனின் கல்லூரி விடுதிக்கு அக்காவே அனுப்பியது. மூன்றாவதுதான் அவர் தூக்கத்தைக் கெடுத்தது.

இருநூறு வெள்ளி போய் வந்த கதை

```
03/03  PRE-AUTH DEBIT    200.00-  1,076.60
04/03  SALE DEBIT         50.00-  1,026.60
05/03  PRE-AUTH REFUND   200.00+  1,226.60
05/03  SALE DEBIT         40.00-  1,186.60
```

"மூணாந்தேதி இருநூறு வெள்ளிக்கு நான் எதுவும் வாங்கலயே" என்றார் அக்கா. அன்றைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "மைவிக்கு நாப்பது வெள்ளி எண்ணெய் ஊத்தினேன்" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். பெட்ரோல் பம்பிலேயே கார்டை நுழைக்கும்போது நீங்கள் எவ்வளவு அடிக்கப் போகிறீர்கள் என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அதனால் முன்கூட்டியே ஒரு பெரிய தொகையைத் தடுத்து வைக்கும். நம் நாட்டில் அது பெரும்பாலும் 200 வெள்ளி. கிரெடிட் கார்டில் இது கண்ணில் படாது. டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணமே அடைபட்டுக் கிடக்கும். பிறகு அந்த 200 திரும்பி வந்து, அடித்த நாற்பது மட்டும் கழியும். ஒரே நாளில் வரலாம், சில நேரம் மூன்று வேலை நாள்வரை போகும். வெள்ளிக்கிழமை மாலை எண்ணெய் ஊற்றினால் சனி, ஞாயிறு முழுக்க இருநூறு குறைந்தே தெரியும்.

எல்லா பேங்கும் இதை இப்படி எழுதுவதில்லை. சில ஸ்டேட்மெண்டில் தடுத்து வைத்த தொகை வரியாகவே வராது. செயலியில் மட்டும் எடுக்கக்கூடிய இருப்பு 200 குறைந்திருக்கும்.

படிக்கும் முறை இது. `PRE-AUTH` என்று போன வரி ஒவ்வொன்றுக்கும் அதே தொகையில் ஒரு வந்த வரியைத் தேடிப்பிடித்து இரண்டையும் கோட்டால் இணையுங்கள். பிறகு உண்மையான செலவு ஒன்று இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் கணக்கு முடிந்தது. போனது மட்டும் இருந்து வந்தது இல்லையென்றால் தேதியைப் பாருங்கள். மாதக் கடைசியில் போனது அடுத்த மாத ஸ்டேட்மெண்டில் திரும்பியிருக்கும். அதனால் ஒரு தனித் தாளில் "முடியாதவை" என்று தலைப்பிட்டு அந்த வரியை எழுதி வைக்க வேண்டும். கணக்கு எழுதியவர்களுக்கு இது பழைய பழக்கம். மற்றவர்கள் தவறவிடுவது இங்கேதான்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் உள்ளே கல்லாவில் போய் நாற்பது வெள்ளி என்று சொல்லிக் கட்டிவிட்டு வந்து அடியுங்கள். நாற்பதுதான் கழியும்.

நடுவில் இருக்கும் ஐம்பது வெள்ளி, பாலச் சுங்கம் கட்டும் டிஎன்ஜி மின்பணப்பையில் ஏறியது. பாலம் கடந்து ஜார்ஜ்டவுன் போய்வருவதால், பணம் குறையும்போது தானே ஏறட்டும் என்று அக்காவின் மகன் அமைத்து வைத்திருந்தான். மாதம் நாலு முறை ஐம்பது தெரிந்தாலும் களவு என்று முடிவுகட்ட வேண்டாம். பணப்பைச் செயலியில் அதே நாளில் ஐம்பது ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சில்லறைப் பிடித்தங்கள்

இதில் நேரம் செலவழிக்க ஒன்றுமில்லை. 1ஆம் தேதி போன 8 வெள்ளி டெபிட் கார்டின் ஆண்டுக் கட்டணம். பேங்கையும் கார்டையும் பொறுத்து அது மாறும். 9ஆம் தேதி 300 எடுத்ததற்குக் கீழே இருந்த 1 வெள்ளி, வேறு பேங்கின் ஏடிஎம்மில் எடுத்ததற்கு. ஒரு வருடத்துக்கு மேல் தொடாமல் கிடக்கும் கணக்கில் ஆண்டுக்கு 10 வெள்ளி பிடிப்பதும் வழக்கம். பிள்ளை பெயரில் தொடங்கி மறந்துபோன கணக்கு இருந்தால் கொஞ்சம் போட்டு எடுத்து உயிரோடு வைத்திருங்கள்.

முப்பத்தெட்டு வெள்ளி தொண்ணூறு சென்

12ஆம் தேதி ஒரு வரி. `DIRECT DEBIT`, பின்னால் நீண்ட எண், ஐந்தாறு எழுத்தில் ஒரு சுருக்கம், 38.90. அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தொகை சின்னது என்பதால் தாண்டிப்போகப் பார்த்தார். நான் விடவில்லை. பெரிய தொகை போனால் அன்றைக்கே தெரிந்துவிடும். மாதம் நாற்பது வெள்ளிக்குக் குறைவாகப் போவதுதான் வருடக்கணக்கில் ஓடும்.

புரியாத வரி ஒன்று கிடைத்தால், அதே வரி முந்தைய மாதங்களில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பதின்மூன்று மாத ஸ்டேட்மெண்ட் இறக்கினோம். பன்னிரண்டு போதாது, வருடத்துக்கு ஒரு முறை போகும் பிடித்தம் பன்னிரண்டு மாதத்தில் ஒரு தடவைதான் தெரியும். பதின்மூன்றாவது மாதத்தில்தான் அது திரும்ப வருவது என்று புரியும்.

தேடும்போது தொகையை மட்டும் நம்பக்கூடாது. வெளிநாட்டு நாணயத்தில் கட்டும் சந்தா மாதாமாதம் சில சென் ஏறி இறங்கும், மாற்று விகிதம் நாளுக்கு நாள் வேறு அல்லவா. தேதியும் அசையும், 12 ஞாயிறாக இருந்தால் 13இல் விழும். அசையாதது விவரத்தின் முதல் சில எழுத்துகளும் ஏறக்குறைய முப்பது நாள் இடைவெளியும்தான். அந்த இரண்டையும் வைத்துத் தேடுங்கள்.

அக்காவுக்கு ஆகஸ்டில் தொடங்கியிருந்தது. ஆகஸ்ட் முதல் மார்ச் வரை எட்டு முறை, மொத்தம் 311.20. ஆகஸ்டில் என்ன நடந்தது என்று கேட்டதும் முகம் மாறியது. "ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு தம்பி. விபத்துக் காப்புறுதி, முதல் மாசம் இலவசம்னுச்சு. நான் வேலையில இருந்தேன், சரி சரின்னு வச்சிட்டேன்."

அடுத்து, பணம் எந்த வழியாகப் போகிறது என்று பிரிக்க வேண்டும். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கார்டு எண்ணைக் கொடுத்துக் கட்டும் சந்தா கார்டு வழியாகப் போகும், `SALE DEBIT` போன்ற வரியாக வரும். கணக்கு எண்ணைக் கொடுத்து அனுமதித்த பிடித்தம் நேராகக் கணக்கிலிருந்து போகும், `DIRECT DEBIT` அல்லது `AUTODEBIT` என்று இருக்கும். நீங்களே பேங்கிடம் மாதாமாதம் அனுப்பச் சொன்னது மூன்றாவது வகை, அது `STANDING INSTRUCTION`. இரண்டாவது வகையில் கார்டை ரத்து செய்து புதியது வாங்கினாலும் பிடித்தம் நிற்காது. கார்டை மாற்றிவிட்டேன், இன்னும் போகிறதே என்று புலம்புகிறவர்கள் இந்தக் குழியில் விழுந்தவர்கள்தான்.

பேங்கை அழைத்தோம். எண்ணைச் செயலியில் பார்த்து அழையுங்கள், கூகுளில் தேடிய எண்ணை நம்ப வேண்டாம். "ஏன் பிடித்தீர்கள்" என்று சண்டைக்குப் போகாமல் மூன்றே கேள்வி கேட்டோம். பணம் எடுப்பவரின் முழுப் பதிவுப் பெயர் என்ன? அனுமதி எண் என்ன, எந்தத் தேதியில் கொடுத்தது? அதை நிறுத்த எந்தப் படிவம்? பதிலை எழுதி, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டோம்.

பிறகு இரண்டு பக்கமும் நிறுத்த வேண்டும். கம்பெனிக்கு மின்னஞ்சலில் ரத்துக் கடிதம், பேங்குக்கு அனுமதியை நீக்கும் படிவம். பேங்கில் மட்டும் நிறுத்தினால் கம்பெனி கணக்கில் பாக்கி ஏறும். கம்பெனியிடம் மட்டும் சொன்னால் அவர்கள் மறந்துபோகலாம். மறந்துபோவதில் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

போன எட்டு மாதப் பணம் திரும்பியதா? இல்லை. பதிவு செய்த உரையாடலைப் போட்டுக் காட்டினார்கள், அக்கா "சரி சரி" என்றது தெளிவாகக் கேட்டது. காப்புறுதியும் அந்த எட்டு மாதம் நடப்பில் இருந்தது. இது திருட்டு ஆகாது. அக்கா ஒப்புக்கொண்டே இருக்கவில்லை என்றால் வழக்கே வேறு. அப்போது பேங்கில் மறுப்புப் படிவம் கொடுத்து, அனுமதி கொடுத்ததற்கான சான்றைக் காட்டச் சொல்ல வேண்டும்.

ஒரே நாள், ஒரே தொகை

```
18/03  SALE DEBIT   46.50-  2,345.50
18/03  SALE DEBIT   46.50-  2,299.00
```

மளிகைக் கடை. முதல் தடவை இயந்திரத்தில் லைன் இல்லை என்று வந்ததாம், கடைக்காரர் மறுபடியும் கார்டை வைக்கச் சொன்னாராம். இப்படிப்பட்ட இரட்டை வரிக்கு ரசீதுதான் மருந்து. கார்டுச் சீட்டில் `APPR CODE` என்று ஓர் அனுமதி எண் இருக்கும். இரண்டு சீட்டு, இரண்டு வேறு எண் என்றால் இரண்டு முறை விற்பனை நடந்ததாகவே இயந்திரம் நினைக்கிறது, கடைக்காரர் ஒன்றைத் திருப்பித் தர வேண்டும். ஒரே சீட்டுதான் வந்தது என்றால் முதல் முயற்சி பேங்கில் கழிந்தும் கடைக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். அது பெரும்பாலும் சில நாளில் தானே திரும்பும்.

அக்காவிடம் ஒரு சீட்டு மட்டும் இருந்தது. கடைக்காரரும் அன்று இரவு முடித்த கணக்குச் சுருளைப் பார்த்து, தன்னிடம் 46.50 ஒன்றுதான் இருக்கிறது என்றார். சுருளையும் சீட்டையும் படம் எடுத்துக்கொண்டோம். மார்ச் முடியும்வரை திரும்பவில்லை, அதனால் "முடியாதவை" தாளில் ஏறியது. ஏப்ரல் ஸ்டேட்மெண்டில் 2ஆம் தேதி 46.50 வந்த வரியாக நின்றது.

கியூஆர் குறியில் கட்டினால் இப்படித் தானே திரும்பும் என்று காத்திருக்காதீர்கள். டூயிட்நவ் வழியாகப் போகும் அந்தப் பணம் அந்த நொடியே கடைக்குப் போய்விடும். இரண்டு முறை தட்டியிருந்தால் கடைக்காரர்தான் திருப்பி அனுப்ப வேண்டும்.

தெரியாத பணம் வந்தால்

போனதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதிகம் பயம் தருவது காரணமில்லாமல் வரும் பணம். எங்கள் மாடியில் ஒரு பையன் கணக்கில் திடீரென்று 3,000 வெள்ளி விழுந்தது. பின்னாலேயே வாட்ஸ்அப்பில் ஒருவர்: தவறி அனுப்பிவிட்டேன், இந்த இன்னொரு கணக்குக்குத் திருப்பி அனுப்புங்கள், நூறு வெள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வந்த கணக்கு ஒன்று, அனுப்பச் சொல்லும் கணக்கு வேறொன்று. ஏமாற்றுப் பணம் கைமாறும் வழி இது. கணக்கைக் கொடுத்தவரைத்தான் மலாயில் கெல்டாய் அக்காவுன், அதாவது பொதி சுமக்கும் கழுதை என்கிறார்கள். 2024இல் தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே பிரிவுகள் சேர்த்திருக்கிறார்கள். பணத்தைத் தொடாமல் பேங்கிடம் சொல்லுங்கள், உண்மையிலேயே தவறி வந்ததென்றால் பேங்கே திருப்பட்டும். அந்த இரண்டாவது கணக்கு எண்ணை போலீசின் `semakmule.rmp.gov.my` தளத்தில் தட்டிப் பார்க்கலாம். அங்கே இல்லை என்பதால் சுத்தமான கணக்கு என்று ஆகிவிடாது.

உண்மையான களவின் உருவம் வேறு மாதிரி இருக்கும். முன்பின் தெரியாத பெயரில் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி போகும். கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் முயற்சி அது. சில நிமிடத்திலோ சில நாளிலோ பெரிய தொகைகள் வரிசையாகப் போகும், இருப்பு சில்லறையில் வந்து நிற்கும். இதைக் கண்டால் ஸ்டேட்மெண்டைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். செயலியில் இருக்கும் `Kill Switch` பொத்தானை அழுத்திக் கணக்கை முடக்குங்கள், பேங்கின் அவசர எண்ணையோ 997ஐயோ உடனே அழையுங்கள், பிறகு போலீஸ் புகார். 997 தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் பிடிப்பதற்குத்தான் அது.

பேங்க் மறுத்தால்

புகாரை எழுத்தில் கொடுத்து எண் வாங்குங்கள். கவுண்டரில் வாயால் சொன்னது கணக்கில் வராது. ஸ்டேட்மெண்டில் அந்த வரியை வட்டமிட்டு, தேதி, தொகை, ஏன் உங்களுடையது அல்ல என்பதற்கு ஒரு வரி, ரசீது இருந்தால் அதன் நகல், இவ்வளவு போதும். பேங்கின் இறுதி முடிவு திருப்தி இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள், பேங்குக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் நின்று தீர்த்துவைக்கும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவைக்குக் கொண்டுபோகலாம், கட்டணமில்லை. ஜனவரி 2025இல் தொடங்கிய அந்த அமைப்பை எஃப்எம்ஓஎஸ் என்பார்கள். பேங்க் நெகாரா உதவித் தொலைபேசி 1-300-88-5465. இறுதி முடிவுக் கடிதம் கையில் இல்லாமல் ஒம்பட்ஸ்மனிடம் போனால் திரும்ப பேங்குக்கே அனுப்புவார்கள், அதனால் அந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஏப்ரல் ஸ்டேட்மெண்ட் வந்ததும் அக்காவே அச்செடுத்துக்கொண்டு வந்தார். 46.50 எதிரே கோடு போட்டிருந்தார். 12ஆம் தேதியிலும் அதற்குப் பிந்தைய மூன்று நாளிலும் 38.90 இல்லை. ஆனால் நிறுத்தம் ஒரு சுற்று தள்ளிப்போவதும் உண்டு என்பதால் "முடியாதவை" தாளில் அந்த வரியை நான் அடிக்க விடவில்லை. மே 15 தாண்டட்டும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, 22ஆம் தேதி போயிருந்த 19.90ஐக் காட்டி, "இது மகனோட பாட்டுச் செயலியா, வேற எதுவுமா, அவன்கிட்ட கேட்டுட்டு வர்றேன்" என்று கீழே இறங்கிப் போனார்.